செங்குத்துச் சரிவில் டெக்ஸ்சர் இழுபடாமல் இருக்க: மூன்று தளமா, இரண்டு தளமா?

ஹைட்மேப்பிலிருந்து உருவாகும் நிலப்பரப்பில் டெக்ஸ்சர் மேலிருந்து நேர்கீழாக விழுகிறது. அங்கே யுவி என்பது x, z ஆயங்கள் மட்டும்தான். உயரத்துக்கு அதில் பங்கே கிடையாது. (இந்தக் கட்டுரையில் y மேல்நோக்கிய அச்சு. அன்ரியலில் எழுதுபவர்கள் y, z இரண்டையும் இடம் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.) சமதளத்தில் இதனால் ஒரு குறையும் தெரியாது. சரிவு ஏற ஏற, அதே அளவு டெக்ஸ்சர் கூடுதல் நீளத்துக்குப் பரவ வேண்டியிருக்கிறது. எத்தனை மடங்கு என்பதை 1/cos θ சொல்லிவிடும். 45 டிகிரியில் 1.41, 60 டிகிரியில் 2, 80 டிகிரியில் 5.76, 85 டிகிரியில் 11.5.

ஒரு சரிவை எடுத்துக்கொள்வோம். ஹைட்மேப்பின் புள்ளிகளுக்கிடையே 1 மீட்டர் இடைவெளி. கிடைமட்டமாக 7 மீட்டர் போவதற்குள் தரை 40 மீட்டர் உயர்கிறது. சாய்வு 80 டிகிரி, சரிவின் நீளம் ஏறக்குறைய 40.6 மீட்டர். 4 மீட்டருக்கு ஒருமுறை திரும்பவரும் 2048 பிக்சல் பாறை டெக்ஸ்சரை இதில் மேலிருந்து விழச் செய்தால், அந்த 40 மீட்டர் முழுவதும் இரண்டு முறைகூடத் திரும்ப வராது. 4 மீட்டர் டெக்ஸ்சர் 23 மீட்டருக்கு இழுபடும். மீட்டருக்கு 512 பிக்சல் இருக்க வேண்டிய இடத்தில், மேல்கீழ்த் திசையில் 88தான் மிஞ்சும். பக்கவாட்டில் 512 அப்படியே இருப்பதால், பாறை முழுக்கச் செங்குத்துக் கோடுகளாக வழிந்து தெரிகிறது. பெரிய டெக்ஸ்சரைப் போடுவது இதற்குத் தீர்வல்ல. தெளிவு கூடினாலும் விகிதம் மாறாது.

வழக்கமான பதில் ட்ரைபிளேனர். x, y, z என்ற மூன்று அச்சுகளின் வழியாகவும் டெக்ஸ்சரைத் தனித்தனியே விழச் செய்து, பரப்பின் நார்மல் எந்த அச்சை நோக்கியிருக்கிறதோ அதற்குக் கூடுதல் எடை கொடுத்துக் கலப்பது. யூனிட்டி ஷேடர் கிராஃபில் `Triplanar`, அன்ரியலில் `WorldAlignedTexture`, கோடோவில் `uv1_triplanar` என்று ஆயத்தமாகவே கிடைக்கிறது. கேள்வி அதை எங்கே, எத்தனை தளத்தோடு போடுவது என்பதுதான். நான்கு வழிகள் இருக்கின்றன: நிலப்பரப்பு முழுக்க ட்ரைபிளேனர், பாறை லேயருக்கு மட்டும் ட்ரைபிளேனர், பாறை லேயருக்குப் பக்கவாட்டு இரண்டு தளம் மட்டும், பெரிய இரண்டு அச்சுகளைப் பிக்சல்தோறும் தேர்ந்தெடுக்கும் பைபிளேனர். ஷேடரை விட்டுவிட்டுப் பாறை மெஷ்களையே மேலே வைப்பது ஐந்தாவது வழி. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

செலவைக் கணக்கிட்டால்

புல், மண், சரளை, பாறை என்று நான்கு லேயர். ஒவ்வொன்றுக்கும் நிறம், நார்மல், மற்றும் கரடுமுரடு–நிழல்–உயரம் அடைத்த ஒன்று என மூன்று டெக்ஸ்சர். வெறும் மேலிருந்து விழும் முறைக்குப் பிக்சலுக்கு 12 முறை டெக்ஸ்சரைப் படிக்க வேண்டும். எல்லா லேயரையும் ட்ரைபிளேனர் ஆக்கினால் 36. பாறையை மட்டும் ஆக்கினால் 9 + 9 = 18. பாறைக்கு இரண்டு தளம் போதும் என்றால் 15. பைபிளேனருக்கும் 15தான்.

முதல் வழியை இங்கேயே ஒதுக்கிவிடலாம். 50 டிகிரிச் சரிவில் புல் முளைக்கும்படி லேயர்களைப் பிரித்தால்கூட இழுபடுவது 1.56 மடங்குதான், புல்லில் அது கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒரு குறைக்காக மூன்று மடங்கு படிப்பது வீண். போதாக்குறைக்கு, சற்றே சாய்ந்த மண்ணில் பக்கவாட்டுத் தளங்கள் லேசாக எட்டிப்பார்த்து, மேலிருந்து விழும் தெளிவான படத்தையும் மங்கலாக்கும்.

பக்கவாட்டு இரண்டு தளம் ஏன் போதும்

ஹைட்மேப் நிலப்பரப்பில் மேற்கவிந்த பாறை இருக்கவே முடியாது. ஒரு x, z இடத்துக்கு ஒரே உயரம்தான். பாறை லேயர் செங்குத்தான இடங்களில் மட்டுமே வரும். தட்டையான இடங்களைப் புல்லும் மண்ணும் மூடிவிடும். ஆகவே பாறை லேயருக்குள் மேல்நோக்கிய தளம் அநேகமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

அதைத் தூக்கிவிட்டால் எந்தக் கோணத்தில் அடிவாங்குவோம் என்பதைத் துல்லியமாகச் சொல்லலாம். பக்கவாட்டுத் தளத்தில் இழுபடும் அளவு, நார்மலின் அந்த அச்சுக் கூறின் தலைகீழ். மோசமான நிலை, பாறை x அச்சையும் z அச்சையும் நோக்காமல் இரண்டுக்கும் நடுவே மூலையாகத் திரும்பி நிற்கும்போது வருகிறது. அப்போது இழுபடுவது 1/(0.707 · sin θ). 35 டிகிரிச் சரிவில் 2.47, 45இல் 2, 55இல் 1.73, முழுச் செங்குத்தில் 1.41. மேலிருந்து விழும் முறை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது: 45இல் 1.41, 55இல் 1.74. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் 54.7 டிகிரி, அங்கே இரண்டும் 1.73. முழு ட்ரைபிளேனரிலும் மிக மோசமான இடம், மூன்று அச்சுக்கும் சமமாகச் சாய்ந்த பரப்பு, இதே 1.73தான்.

ஆகவே பாறை மாஸ்க்கை 45 டிகிரியில் தொடங்கி 55இல் முழுமையாக்கினால், எந்த இடத்திலும் எந்தத் தளமும் 2 மடங்குக்கு மேல் இழுபடாது. மூன்றாவது தளம் வாங்கித் தருவது 2க்கும் 1.73க்கும் இடையிலான வித்தியாசம் மட்டுமே, அதுவும் 45 டிகிரிக்கு அருகே மூலை நோக்கிய சரிவுகளில். ஒழுங்கற்ற பாறை அமைப்பில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சதுரக்கட்டம் போட்ட டெக்ஸ்சர் வேண்டும்.

```hlsl
float2 w = pow(abs(N.xz), 8) + 1e-5;
w /= w.x + w.y;
float2 uvX = P.zy / tile;
float2 uvZ = P.xy / tile;
float3 col = rock.Sample(s, uvX).rgb * w.x
           + rock.Sample(s, uvZ).rgb * w.y;
float cliff = 1 - smoothstep(0.57, 0.71, N.y);
```

0.71, 0.57 என்பவை 45, 55 டிகிரிகளின் கொசைன். `smoothstep`-இன் இரு எல்லைகளையும் தலைகீழாகக் கொடுத்துக் கணக்கைச் சுருக்கிவிடலாம் என்று தோன்றும். ஜிஎல்எஸ்எல்லில் அதன் விளைவு வரையறுக்கப்படவில்லை. 1லிருந்து கழிப்பதே பத்திரம். அந்த `1e-5` ஒப்புக்கு இருப்பதல்ல. முழுச் சமதளத்தில் `N.xz` பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் வருவது எண்ணே அல்ல. மாஸ்க் பூஜ்ஜியமாக இருந்தாலும் அந்தக் கெட்ட மதிப்பைப் பெருக்கி அழிக்க முடியாது. சமவெளியில் கருப்புப் புள்ளிகள் மின்னுவதும், புளூம் போட்டதும் அவை பெரிய கருப்புச் சதுரங்களாக வீங்குவதும் இதன் அடையாளம்.

இரண்டு தளத்துக்கு எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. `uvX`, `uvZ` இரண்டிலும் இரண்டாவது ஆயம் y. படிவுப் பாறையின் கிடைமட்டப் பட்டைகள் இரண்டு தளத்திலும் ஒரே உயரத்தில் விழுவதால், பாறை வளைந்து திரும்பும் இடத்திலும் பட்டை உடையாமல் ஓடுகிறது. மேல்தளம் இதில் கலந்தால்தான் பட்டைக்குச் சம்பந்தமில்லாத வடிவம் நடுவே தலைகாட்டும்.

இது தோற்கும் இடம், பாறைக்குள்ளேயே தட்டையான படிகள் வரும் வறண்ட பள்ளத்தாக்கு. அங்கே படியை மூடப் புல் இல்லை. பாறையே மேலும் பக்கமும். அந்த வகை நிலத்துக்கு முழு ட்ரைபிளேனர் நியாயம். லேயரில் இடம் இருந்தால், அதே பாறை டெக்ஸ்சரை மேலிருந்து விழும் இன்னொரு லேயராகப் போட்டுச் சரிவை வைத்துப் பிரிப்பதும் நடக்கும்.

கலக்கும் பட்டையின் அகலம்

மேலே 8 என்று வைத்த அடுக்கு எண், ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு வேகமாக மாறுகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. 20 மீட்டர் ஆரத்தில் வளையும் ஒரு பாறைச் சுவரில், எடை 0.9–0.1லிருந்து 0.1–0.9க்குப் போவதற்கான தூரத்தை அளந்தால், அடுக்கு 4க்கு 30 டிகிரி வளைவு, அதாவது 10.5 மீட்டர். அடுக்கு 8க்கு 15.5 டிகிரி, 5.4 மீட்டர்.

இந்தப் பட்டைதான் ட்ரைபிளேனரின் உண்மையான பலவீனம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு படங்களைப் பாதிப்பாதி கலந்தால் வேறுபாடு 0.71 மடங்காகச் சுருங்கும். விரிசலும் நிழலும் மங்கி, பாறையில் ஒரு நிலைக்குத்துப் பட்டை மட்டும் பனி படர்ந்ததுபோல் தெரியும். அடுக்கை 32, 64 என்று ஏற்றினால் மங்கல் போய்க் கத்தியால் வெட்டியது போன்ற கோடு வந்துவிடும். நல்ல வழி, டெக்ஸ்சரின் உயரத் தடத்தை எடையோடு சேர்ப்பது. ஒவ்வொரு தளத்தின் எடையோடும் அந்தத் தளத்தில் படித்த உயரத்தைக் கூட்டி, மிகப் பெரியதிலிருந்து 0.2க்குள் இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி சமன்செய்தால், புடைத்த பகுதி முன்னால் வந்து பள்ளத்தை மறைக்கும். எல்லை இருக்கும், ஆனால் பாறையின் இயற்கையான விளிம்பாகவே தெரியும். எடை பூஜ்ஜியத்தை ஒட்டியிருக்கும் தளத்தை இந்தக் கூட்டலில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் எதிர்த்தளத்தின் உயரமான துணுக்குகள் சம்பந்தமில்லாத இடத்தில் முளைக்கும்.

எடைக்கு எந்த நார்மலை எடுக்கிறோம் என்பதும் இங்கே வருகிறது. ப்ரொசீஜரல் நிலப்பரப்பில் இரைச்சலால் உண்டான சிறு மேடுபள்ளங்கள் நிறைய. அந்த நுணுக்கமான நார்மலையே எடைக்கும் கொடுத்தால், ஒரே பாறைச் சுவரில் மீட்டருக்கு மீட்டர் தளம் மாறி, சுவர் திட்டுத்திட்டாகிவிடும். எடைக்கும் மாஸ்க்குக்கும் 2 முதல் 4 மீட்டர் தூரத்து உயர வித்தியாசத்திலிருந்து எடுத்த மென்மையான நார்மல். ஒளிக்கு மட்டும் முழு நுணுக்கம். எடைகளைச் சிவப்பு, பச்சை, நீலமாகத் திரையில் காட்டிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பெரிய, அமைதியான நிறப்பரப்புகள் வந்தால் சரி. பொட்டுப்பொட்டாக வந்தால் நார்மலை இன்னும் மென்மையாக்க வேண்டும்.

நார்மல் மேப்

நிறத்தைக் கலப்பதுபோல நார்மலையும் அப்படியே கலந்தால் ஒளி தப்பாக விழும், ஏனெனில் ஒவ்வொரு தளத்தின் நார்மலும் தன் சொந்தத் திசையில் எழுதப்பட்டது. முதலில் பரப்பின் நார்மலோடு சேர்த்து, பிறகு அச்சுகளை உலகத் திசைக்குத் திருப்பி, அதன்பின் கலக்க வேண்டும். ஒயிட்அவுட் முறை இதற்குப் போதுமானது:

```hlsl
float3 a = float3(tX.xy + N.zy, abs(tX.z) * N.x);
float3 b = float3(tZ.xy + N.xy, abs(tZ.z) * N.z);
float3 n = normalize(a.zyx * w.x + b * w.y);
```

பாறையின் எதிர்ப்பக்கத்தில் டெக்ஸ்சர் கண்ணாடிப் பிம்பமாகத் தெரியும். எழுத்து பொறித்த சுவருக்கு அது குறை, பாறைக்கு இல்லை. பார்ப்பவர் அறியவே மாட்டார், மேலே உள்ள கணக்கில் ஒளியும் சரியாகவே விழும். விட்டுவிடலாம். யுவியின் குறியை மட்டும் திருப்பிவிட்டு, படித்த நார்மலின் x கூறைத் திருப்ப மறப்பதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. அப்போது ஒரு பக்கத்துச் சுவரில் செங்குத்து விரிசல்கள் மட்டும் புடைப்பாகத் தெரியும், கிடைமட்ட விரிசல்கள் ஒழுங்காக இருக்கும். எல்லாச் சுவரிலும் கிடைமட்ட விரிசல்கள் புடைத்தால் அது வேறு: நார்மல் மேப்பின் பச்சைத் தடம் எதிர் வழக்கத்தில் இருக்கிறது.

தூரத்தில் மறுபடி இழுபட்டால்

அருகே எல்லாம் சரியாக இருந்து, சில நூறு மீட்டர் தள்ளிப் போனதும் பழைய வழிந்த கோடுகள் திரும்பினால் ஷேடரில் தேட வேண்டாம். யூனிட்டியின் நிலப்பரப்பு, `Base Map Dist.` தாண்டியதும் எல்லா லேயரையும் மேலிருந்து சுட்டு வைத்த ஒரே படத்துக்கு மாறுகிறது. அன்ரியலில் ரன்டைம் விர்ச்சுவல் டெக்ஸ்சரும் மேலிருந்துதான் பதிவாகிறது; பாறையின் நிறத்தை அதற்குள் எழுதினால், எத்தனை தளம் போட்டு உழைத்தாலும் கடைசியில் மேலிருந்து ஒட்டிய படமாகவே திரும்பும். முதலாவதில் அந்தத் தூரத்தை ஏற்றலாம். இரண்டாவதில் தட்டை லேயர்களை மட்டும் விர்ச்சுவல் டெக்ஸ்சரில் எழுதி, பாறையை அதற்கு வெளியே நேரடியாகக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று எல்ஓடி மாறும்போது பாறை டெக்ஸ்சர் மேலும் கீழும் நீந்துவது. மேலிருந்து விழும் முறையில் இது நடக்காது. X, z எந்த எல்ஓடியிலும் மாறுவதில்லை. பக்கவாட்டுத் தளங்களில் யுவியே உயரம் என்பதால், மெஷ் எளிமையாகி உயரம் இரண்டு மீட்டர் நகர்ந்தால் டெக்ஸ்சரும் அரை டைல் நகரும். மருந்து: யுவிக்கான y-ஐ மெஷ்ஷிலிருந்து எடுக்காமல், பிக்சல் ஷேடரில் முழு அளவு ஹைட்மேப்பைப் படித்து எடுப்பது. நார்மலையும் அவ்வாறே முழு அளவு நார்மல் படத்திலிருந்து எடுத்தால் எடைகளும் எல்ஓடியோடு தாவாது. கூடுதலாக இரண்டு முறை படிக்கிறோம், அவ்வளவே.

உலகின் மூலப்புள்ளியை விளையாடுபவரோடு நகர்த்தும் ஏற்பாடு இருந்தால், நகர்வு டைல் அளவின் மடங்காக இருக்க வேண்டும். 4 மீட்டர் டைலுக்கு 1000 சரி, 1001 என்றால் எல்லாப் பாறையும் ஒரே ஃபிரேமில் குதிக்கும். மொபைலில் யுவியை `half`-இல் வைக்கவே கூடாது. 2048 மீட்டரைத் தாண்டியதும் அதன் அடுத்தடுத்த எண்களுக்கிடையே 2 மீட்டர் இடைவெளி.

வோக்சல் நிலம்

குகையும் மேற்கவிந்த பாறையும் உள்ள வோக்சல் நிலப்பரப்பில் இரண்டு பக்கவாட்டுத் தளம் செல்லாது. குகையின் கூரையும் தரையும் பாறைதான். அங்கே போட்டி முழு ட்ரைபிளேனருக்கும் பைபிளேனருக்கும்.

இனிகோ கீலெஸ் பரவலாக்கிய பைபிளேனர், நார்மலின் பெரிய இரண்டு கூறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது இடத்துக்கு அச்சு மாறும் கணத்தில் தாவல் தெரியாதிருக்க, எடையிலிருந்து 0.5773ஐக் கழித்து, 0க்கும் 1க்கும் இடையே நிறுத்துகிறது. 0.577 என்பது மூன்று அச்சும் சமமாகும் மதிப்பு; இரண்டாவதும் மூன்றாவதும் சமமாகும் இடத்தில் அவை அதைத் தாண்டவே முடியாது, ஆகவே மாற்றம் நடக்கும்போது எடை பூஜ்ஜியம். மூன்று தளமும் கூடும் மூலையில் எல்லைகள் கொஞ்சம் கூர்மையாகச் சந்திக்கும். பாறையில் அது ஒரு பொருட்டல்ல.

இதில் கட்டாயம் செய்ய வேண்டியது, `ddx(P)`, `ddy(P)` இரண்டையும் அச்சைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே கணக்கிட்டு, `SampleGrad`-க்குக் கொடுப்பது. இல்லாவிட்டால் அச்சு மாறும் எல்லையில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் யுவி வெகுதூரம் தாவி, வன்பொருள் மிகச் சிறிய மிப்பை எடுத்துவிடும். பாறை முழுக்க மங்கலான ஒற்றைப் பிக்சல் கோடுகள் ஓடும்.

ஆனால் பைபிளேனருக்குத் தாவுவதற்கு முன், முழு ட்ரைபிளேனரிலேயே எடை 0.01க்குக் கீழ் போன தளத்தைப் படிக்காமல் விட்டுப் பாருங்கள், அதே `SampleGrad` நிபந்தனையோடு. அடுக்கு 8இல், அச்சிலிருந்து 30 டிகிரி விலகிய பரப்பில்கூட முதல் தளத்தின் எடை 0.988, அந்த நிலையிலிருந்து அச்சு வரை பெரும்பாலான பிக்சல்களில் ஒரே தளம்தான் படிக்கப்படும். அருகருகே உள்ள பிக்சல்கள் ஒரே முடிவெடுக்கும் பெரிய பரப்புகளில் இது பைபிளேனரை முந்தக்கூடும். துண்டுதுண்டான குகைச் சுவர்களில் கிளைகள் பிரிந்து லாபம் கரையும். அங்கே நிலையாக இரண்டே தளம் படிக்கும் பைபிளேனர் நல்லது. இரண்டையும் உங்கள் இலக்குக் கருவியில் அளந்து பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

மெஷ் வைப்பது எப்போது

முதலில் பார்த்த 40 மீட்டர்ச் சரிவுக்கு மொத்தம் ஏழு வரிசைச் சதுரங்கள். ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் உயரமுள்ள தட்டைப் பட்டை. டெக்ஸ்சர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் வானத்துக்கு எதிரே அதன் விளிம்பு தட்டையாகவே தெரியும். ஷேடர் அதைத் தொட முடியாது. விளையாடுபவர் அருகே வரும் பாறைகளுக்கு மட்டும் மெஷ் வைப்பது அதனால்தான். தூரத்து மலைச்சுவருக்கு இரண்டு தளமே போதும்.

மெஷ் நிலத்தில் புதையும் கோடு கண்ணை உறுத்தாதிருக்க, மெஷ்ஷுக்கும் நிலத்தின் பாறை லேயருக்கும் ஒரே டெக்ஸ்சர், ஒரே டைல் அளவு, உலக ஆயங்களில் ட்ரைபிளேனர். அப்போது ஒரே மெஷ்ஷை எப்படிச் சுழற்றி, எந்த அளவில் வைத்தாலும் பட்டைகள் நிலத்தின் பட்டைகளோடு நேராக வந்து சேரும். மெஷ்ஷில் மேற்கவிந்த பகுதி இருப்பதால் இங்கே மூன்று தளமும் வேண்டும். உருண்டு விழும் கல்லுக்கு மட்டும் பொருளின் சொந்த ஆயங்கள். உலக ஆயங்களை விட்டுவைத்தால் கல் உருளும்போது டெக்ஸ்சர் அதன் மேல் வழுக்கும். அந்தக் கல்லின் அளவை மாற்றியிருந்தால், சொந்த ஆயங்களை அந்த அளவால் பெருக்கிய பிறகே யுவிக்குக் கொடுக்க வேண்டும்.